ஜூனில் கேட்கப்படும் மார்ச் மாதத்துக் கணக்கு

மதுரையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனைதான். ஆனால் அவருடைய கணக்கு 2025-26 நிதியாண்டின் வருமான வரி விதிகளை வைத்துப் போட்டது. அந்த ஆண்டு அவருக்குக் கட்டணமாக வந்தது 19.5 லட்சம் ரூபாய். அதில் 6 லட்சம் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நிறுவனங்கள் கொடுத்தது. மீதி 13.5 லட்சம் வெளிநாட்டு மொழிபெயர்ப்பு முகமைகள் அனுப்பி, நேராக வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. கணினித் தேய்மானம், இணையம், மென்பொருள் சந்தா, மின்சாரம் என்று செலவு 1.5 லட்சம். ஆக நிகர வருமானம் 18 லட்சம்.

2026 ஜூலை 20ஆம் தேதி, கணக்குத் தாக்கல் செய்வதற்காக ஆடிட்டர் முன்னால் போய் உட்காருகிறார். உள்நாட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு முறையும் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் பணம் கொடுத்திருக்கின்றன. அதனால் வரியெல்லாம் கட்டியாகிவிட்டது, கொஞ்சம் திரும்பக்கூட வரலாம் என்பது அவர் நினைப்பு. ஆடிட்டர் கணினியில் எண்களைப் போட்டு முடித்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டுகிறார். இன்னும் கட்டவேண்டியது 1,16,025 ரூபாய்.

இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால், தவணை வரி என்ற ஏற்பாட்டின் நல்லதும் கெட்டதும் இரண்டுமே அதற்குள் இருப்பது தெரியும்.

முதலில் வரி. புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20 சதவீதம் என்று அடுக்கு ஏறுகிறது. 18 லட்சத்துக்கு இது முறையே 20,000, 40,000, 60,000 ஆக, கடைசி 2 லட்சத்துக்கு 40,000 ஆக, மொத்தம் 1,60,000. இதன் மேல் 4 சதவீத செஸ் 6,400 சேர்த்தால் 1,66,400. சம்பளக்காரருக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு இவருக்குக் கிடையாது. டி.டி.எஸ். ஆகப் பிடித்த 60,000 போக நிற்பது 1,06,400. மீதமுள்ள 9,625 ரூபாய் முழுக்க வட்டி.

சம்பளக்காரருக்கு இப்படி ஒரு ஜூலை மாதம் வருவதில்லை. அவருடைய முதலாளி ஆண்டு முழுவதற்கும் வரியை மதிப்பிட்டு, மாதாமாதம் பிடித்துவிடுகிறார். ஃப்ரீலான்சரிடம் பிடிக்கப்படும் 10 சதவீதமும் பெயரளவில் அதே டி.டி.எஸ்.தான். ஆனால் அதைப் பிடிப்பவருக்கு இவருடைய மொத்த வருமானம் எவ்வளவு என்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் இல்லை. நம் மொழிபெயர்ப்பாளரின் கடைசி 2 லட்சம் செஸ்ஸோடு சேர்த்து 20.8 சதவீத வரிக்கு உரியது. வெளிநாட்டு முகமை அதில் ஒரு பைசாகூடப் பிடிக்கவில்லை. முதலாளி செய்யும் மதிப்பீட்டு வேலையைச் சட்டம் இவர் தலையிலேயே வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் முன்கூட்டிய வரி, பேச்சு வழக்கில் அட்வான்ஸ் டாக்ஸ்.

தவணையில் வரி கட்டுவது நமக்குப் புதிதல்ல. நிலவரியைக் குறிக்க நாம் சொல்லும் கிஸ்தி என்ற சொல்லே அரபியில் பங்கு, தவணை என்று பொருள்படும் கிஸ்த் என்பதிலிருந்து வந்தது. சென்னை மாகாணத்து ரயத்துவாரி முறையில் ஆண்டு நிலவரியை ஒரே தடவையில் வாங்காமல், அறுவடைக் காலத்தை ஒட்டித் தவணைகளாக வாங்கினார்கள். நாளாவட்டத்தில் தவணையின் பெயரே வரிக்குப் பெயராக நின்றுவிட்டது. விளைச்சலை விற்றுக் காசாக்குவதற்குள் தவணை நாள் வந்துவிட்டால் ரயத்து கடன் வாங்கித்தான் கட்டவேண்டும். வருமானம் வரும் நாளும் வரி கேட்கும் நாளும் ஒத்துப்போகாத இந்தச் சிக்கல் இன்றைய மொழிபெயர்ப்பாளர் வரை தொடர்கிறது.

வருமான வரியில் இந்த முறை நுழைந்தது இரண்டாம் உலகப் போரின்போது. அமெரிக்கா 1943இல் நடப்பாண்டு வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டன் 1944இல் சம்பளம் கொடுக்கும்போதெல்லாம் வரியைப் பிடிக்கும் முறையைத் தொடங்கியது. அதே 1944இல் இந்தியாவின் 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 18A என்ற பிரிவு நுழைக்கப்பட்டது. போர்ச் செலவுக்குப் பணம் உடனே தேவைப்பட்டது. மக்கள் கையில் புழங்கும் பணத்தைக் குறைத்து விலைவாசியை அடக்கவும் வேண்டியிருந்தது. அந்த 18A பிரிவில், கடைசியாக எந்த ஆண்டுக்கு வரி நிர்ணயமாகி முடிந்ததோ அந்த ஆண்டின் வருமானமே தவணைக்கு அடிப்படையாக இருந்தது. வருமானம் குறைந்துவிட்டது என்று நினைப்பவர் தம் சொந்த மதிப்பீட்டைக் கொடுக்கலாம். இந்த விவரத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் தேவைப்படும்.

இன்றைய விதிக்கு வருவோம். டி.டி.எஸ். போக ஆண்டுக்குக் கட்டவேண்டிய வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் தவணைக் கடமை தொடங்குகிறது. ஜூன் 15க்குள் ஆண்டு வரியில் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். தனிநபர்களுக்கு 2016 வரை மூன்று தவணைகள்தான் இருந்தன, செப்டம்பரில் தொடங்கும். ஜூன் தவணை அந்த ஆண்டு நிதிச் சட்டத்தில் சேர்ந்தது. இந்தச் சதவீதங்களைத் தனித்தனித் தவணைகளின் அளவாகப் படித்துவிட்டு, கூட்டினால் 235 வருகிறதே என்று குழம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை அந்தந்தத் தேதி வரை சேர்ந்திருக்க வேண்டிய மொத்தம். ஜூனில் 15 கட்டியவர் செப்டம்பரில் 30தான் கட்டுவார்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 15 சதவீதம் என்றால் எதில் 15 சதவீதம்? ஏப்ரல், மே மாதங்களில் சம்பாதித்ததற்கு உரிய வரியில் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சட்டம் சொல்வது ஆண்டு முழுவதற்குமான வரியில். ஜூன் 15 அன்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்தது இரண்டரை மாத வருமானம் மட்டும். அவர் அன்றைக்கே அடுத்த மார்ச் வரைக்குமான கணக்கைப் போட்டாக வேண்டும். போட்டது தப்பானால், கணக்குத் தாக்கல் செய்யும்போது உண்மையான ஆண்டு வரியை வைத்துக்கொண்டு சட்டம் பின்னோக்கிப் பார்க்கும். ஜூனில் இவ்வளவு கட்டியிருக்க வேண்டும், கட்டவில்லை என்று வட்டி போடும்.

அந்த வட்டி இரண்டு வகை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 234C என்ற பிரிவு தவணை தவறியதற்கு. முதல் மூன்று தேதிகளில் குறைந்த தொகைக்கு மாதம் 1 சதவீதமாக மும்மூன்று மாதங்களுக்கும், மார்ச் தவணையில் குறைந்ததற்கு ஒரே ஒரு மாதத்துக்கும் வட்டி. ஜூனில் 12 சதவீதமும் செப்டம்பரில் 36 சதவீதமும் எட்டியிருந்தால் அந்தத் தவணைகளுக்கு வட்டி கேட்பதில்லை. இரண்டாவது, 234B பிரிவு. நிதியாண்டு முடிவதற்குள் 90 சதவீதம் கூடக் கட்டாதவர் மீது, ஏப்ரல் 1 முதல் கட்டும் மாதம் வரை பாக்கிக்கு மாதம் 1 சதவீதம். ஒரு மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு.

எதுவுமே கட்டாத நம் மொழிபெயர்ப்பாளருக்கு இது எப்படி வந்தது என்று பார்க்கலாம். ஜூனில் இருந்திருக்க வேண்டியது 1,06,400இல் 15 சதவீதம், அதாவது 15,960. நூறுக்குக் குறைந்த உதிரியை விட்டுவிட்டு 15,900க்கு 3 சதவீதம் 477 ரூபாய். செப்டம்பருக்கு 1,434, டிசம்பருக்கு 2,394, மார்ச்சுக்கு 1,064. நான்கும் சேர்ந்து 5,369. இதோடு ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு 234B வட்டி 4,256. இரண்டும் கூடி 9,625.

ஒரு லட்சத்துச் சொச்சம் பாக்கிக்கு 9,625 ரூபாய் வட்டி கசப்பானதுதான், ஆனால் ஆளைக் கவிழ்க்காது. ஆடிட்டர் அறையில் அவருக்கு முகம் வெளுத்தது அந்த வட்டியால் இல்லை. 1,06,400 ரூபாய் கையில் இல்லை என்பதால்தான். வந்த பணத்தில் ஒரு பங்கு தன்னுடையதே இல்லை என்று தெரியாமல் ஆண்டு முழுக்கச் செலவு செய்திருக்கிறார். வட்டி விகிதத்தைப் பற்றியே கவலைப்படுகிறவர்கள் பலரும் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

இதே ஆள் தவணைகளைக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிர்காலம் தெரிந்தவராக அவரைக் கற்பனை செய்ய வேண்டாம். தப்பாகவே மதிப்பிடட்டும்.

முந்தைய ஆண்டில் அவருடைய நிகர வருமானம் 14 லட்சம். 2025 ஜூனில் வேறு தடயம் எதுவும் இல்லாததால் இந்த ஆண்டும் அதே என்று வைத்துக்கொள்கிறார். அதற்கு வரி 93,600. டி.டி.எஸ். 50,000 வரும் என்று எண்ணி, நிற்பது 43,600, அதில் 15 சதவீதம் 6,540. முழுமையாக்கி 6,600 கட்டுகிறார். ஆகஸ்டில் ஒரு வெளிநாட்டு முகமை பெரிய வேலை ஒன்றைத் தருகிறது. செப்டம்பரில் உட்கார்ந்து முதலிலிருந்து கணக்குப் போடுகிறார். இப்போது ஆண்டு வருமானம் 16 லட்சம், டி.டி.எஸ். 60,000 என்று தோன்றுகிறது. நிற்கும் வரி 64,800, அதில் 45 சதவீதம் 29,160. ஏற்கெனவே கட்டிய 6,600 போக, 22,600 கட்டுகிறார். டிசம்பரில் மதிப்பீடு 17 லட்சம். நிற்கும் வரி 85,600, அதில் 75 சதவீதம் 64,200. முன்பு கட்டியது போக 35,000. மார்ச் நடுவில் ஆண்டு ஏறக்குறைய முடிந்துவிட்டது, 18 லட்சம் என்பது தெளிவு. மிச்சம் 42,200ஐக் கட்டி முடிக்கிறார்.

மூன்று தேதிகளில் மூன்று முறை தவறாக மதிப்பிட்டிருக்கிறார், மூன்று முறையும் குறைவாக. ஜூலையில் அவருக்கு வரும் வட்டி எவ்வளவு? ஜூனில் குறைந்ததற்கு 279, செப்டம்பருக்கு 558, டிசம்பருக்கு 468. மொத்தம் 1,305 ரூபாய். 234B வட்டி இல்லவே இல்லை. இதிலிருந்து புலப்படுவது, முதல் தவணையில் துல்லியம் தேவையில்லை. ஒவ்வொரு தேதியிலும் பழைய மதிப்பீட்டைப் பிடித்துக்கொண்டிருக்காமல் ஆண்டு முழுவதற்கும் புதிதாகக் கணக்கிடுவதுதான் தேவை. பலர் செய்யும் பிழை, ஜூனில் போட்ட எண்ணையே நான்காகப் பிரித்துக் கட்டிக்கொண்டே போவது. அப்படிக் கட்டியிருந்தால் நம்மவர் மார்ச் முடிவில் 43,600 கட்டியிருப்பார், பாக்கி 62,800 ஜூலையில் கழுத்தைப் பிடித்திருக்கும்.

மதிப்பீடு கூடிப்போய் அதிகம் கட்டிவிட்டால்? பணம் தொலையாது. கணக்குத் தாக்கல் செய்ததும் திரும்ப வரும். திரும்பும் தொகை ஆண்டு வரியில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மாதம் அரை சதவீதம் வட்டியும் உண்டு. நாம் குறைத்துக் கட்டினால் மாதம் ஒரு சதவீதம், அரசு திருப்பித் தரும்போது அரை சதவீதம் என்ற இந்த ஓரவஞ்சனையை இங்கே குறிப்பிட்டுவிட்டு நகர்கிறேன்.

மதிப்பீடு எப்போது பெரிதாகப் பிழைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். அடுக்கு ஏறும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் பிழைக்கும். ஆனால் உண்மையான பள்ளம் 12 லட்சத்தில் இருக்கிறது. 12 லட்சம் வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டுக்குப் பின் எல்லோருக்கும் மனப்பாடம். அது அடுக்கு இல்லை, தள்ளுபடி. நிகர வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், அடுக்குப்படி வரும் 60,000 ரூபாய் வரி முழுவதையும் தள்ளிவிடுகிறார்கள். தாண்டினால் தள்ளுபடி போய்விடும். தாண்டிய தொகையைவிட வரி கூடிவிடாதபடி ஒரு சலுகை இருக்கிறது, அதுவும் ஏறத்தாழ 12.7 லட்சத்தோடு தீர்ந்துபோகும். 13 லட்சம் சம்பாதித்தவர் முழு வரியும் கட்டவேண்டும். செஸ்ஸோடு 78,000.

சரியாக 12 லட்சத்தில் ஆண்டை முடிக்கப்போகும் ஒரு ஃப்ரீலான்சருக்குப் பிப்ரவரியில் ஒரு லட்சம் ரூபாய் வேலை வருகிறது என்று வையுங்கள். அவருக்கு டி.டி.எஸ். எதுவும் பிடிக்கப்படவில்லை. அதுவரை வரியே இல்லை, ஆகவே தவணையும் இல்லை. அந்த ஒரு லட்சத்தால் வரி 78,000. கையில் மிஞ்சுவது 22,000. இதைத் தெரிந்து மார்ச் 15க்குள் முழுவதையும் கட்டினாலும், ஜூன், செப்டம்பர், டிசம்பர் தேதிகளில் கட்டவில்லை என்று 3,159 ரூபாய் வட்டி வரும். பிப்ரவரியில் வந்த வேலைக்கு ஜூனில் ஏன் கட்டவில்லை என்று கேட்பது போலத்தான் இது. பங்கு விற்ற லாபம், லாட்டரிப் பரிசு, ஈவுத்தொகை, முதன்முதலாகத் தொடங்கும் தொழிலின் வருமானம் ஆகியவை எதிர்பாராமல் வரக்கூடியவை என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அவற்றுக்கு உரிய வரியை அடுத்து வரும் தவணைகளில் கட்டிவிட்டால் போதும், வட்டி இல்லை. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருக்கும் ஃப்ரீலான்சருக்குத் திடீரென்று வரும் வேலைக்கு இந்தச் சலுகை கிடையாது. லாட்டரிச் சீட்டுக்குக் காட்டும் இரக்கத்தை உழைப்புக்குக் காட்டாத விதி இது.

பிப்ரவரி வேலையை ஒப்புக்கொள்வதா, ஏப்ரலுக்குத் தள்ளிப்போடச் சொல்வதா என்பது அவரவர் முடிவு. ஆனால் அப்படி ஒரு வேலை வந்தால் என்ன செய்வது என்பதை டிசம்பர் 15 கணக்கின்போதே முடிவு செய்து வைக்க முடியும். 12 லட்சத்தை ஒட்டி நிற்பவர் அன்றைக்குக் கணக்கு நோட்டைத் திறக்காமல் இருந்தால், ஜூலையில் ஆடிட்டர்தான் செய்தி சொல்வார்.

இன்னொரு வகையினரையும் இங்கே சொல்ல வேண்டும். 44ADA பிரிவில் சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்ளலங்காரம் என்று சில தொழில்கள் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. தகவல் தொழில்நுட்பமும் திரைக்கலைஞர் என்ற வகையும் பின்னால் அறிவிக்கப்பட்டன. திரைக்கலைஞர் என்பதில் பாடலாசிரியர், கதை வசனம் எழுதுபவர், படத்தொகுப்பாளர் எல்லோரும் அடக்கம். மொழிபெயர்ப்பாளர் இந்தப் பட்டியலில் பெயர் சொல்லப்படவில்லை, அதனால்தான் நம் கதாநாயகரை அந்தத் தொழிலில் வைத்தேன். பட்டியலில் இருப்பவர்கள், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், செலவுக் கணக்கு எதுவும் காட்டாமல் வரவில் பாதியை லாபம் என்று அறிவித்துவிடலாம். ரொக்கமாக வாங்குவது 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 75 லட்சம். இவர்களுக்கு நான்கு தவணை கிடையாது. மார்ச் 15 அன்று ஒரே தடவை.

கேட்கச் சலுகை போலத்தான் இருக்கிறது. வட்டியைப் பொறுத்தவரை சலுகையேதான். ஆனால் 40 லட்சம் முழுவதையும் வெளிநாட்டிலிருந்து பெறும் மென்பொருள்காரர் ஒருவருக்கு இதன் பொருள், மார்ச் 15 அன்று 2,08,000 ரூபாயை ஒரே மூச்சில் எடுத்து வைப்பது. எந்த அதிர்ச்சியைத் தவணை முறை தவிர்க்க வந்ததோ அதைச் சட்டமே இவருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. முன்னதாகவே பகுதி பகுதியாகக் கட்டுவதை யாரும் தடுக்கவில்லை. கட்ட மனமில்லை என்றால், மாதாமாதம் ஒரு தொடர்வைப்பில் போட்டு மார்ச்சில் முதிரும்படி வைத்துக்கொள்ளலாம், வட்டியாவது அவருக்குச் சேரும்.

நான்கு தவணைக்காரரும் பணத்தைத் தனியே எடுத்து வைத்தாக வேண்டும். எவ்வளவு என்பதில் ஒரே விகிதம் எல்லோருக்கும் பொருந்தாது. மொழிபெயர்ப்பாளருக்கு டி.டி.எஸ். இல்லாமல் வந்த 13.5 லட்சத்தில் பத்தில் ஒரு பங்கை வந்த அன்றே வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றியிருந்தால் 1,35,000 சேர்ந்திருக்கும். வரி முழுவதையும் கட்டிவிட்டு மீதியும் இருந்திருக்கும். ஆனால் எதிர்பாராத பெரிய வேலை வந்தால் அதற்கு இந்தப் பத்துச் சதவீதம் பத்தாது. அது மேல் அடுக்கில் போய் உட்காருவதால், அவருடைய நிலையில் அதில் ஐந்தில் ஒரு பங்காவது எடுத்து வைக்க வேண்டும். சராசரியை வைத்துச் சேமித்துவிட்டுக் கடைசி அடுக்கில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

டி.டி.எஸ். கழிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிடித்திருக்க வேண்டிய வரியைக் கழிக்க முடியாது, உண்மையில் பிடித்ததைத்தான் கழிக்கலாம். முழுக் கட்டணத்தையும் கொடுத்துவிட்ட நிறுவனம் விதிப்படி 10 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காக அந்தத் தொகையைத் தவணையிலிருந்து குறைத்துக்கொண்டால், பின்னால் வட்டி வரும். பிடித்ததா என்பதைப் படிவம் 26ASஇல் பார்க்கலாம், ஆனால் அது பின்தங்கித்தான் வரும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்த வரிக்கு நிறுவனங்கள் ஜூலை முடிவு வரை அறிக்கை கொடுக்கலாம், ஜனவரி முதல் மார்ச் வரைக்கு மே முடிவு வரை. ஆகவே தவணை நாளன்று நம்பத்தக்கது நம்முடைய பில் நோட்டும் வங்கிக் கணக்கும்தான். பில் தொகைக்கும் வங்கியில் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பத்தியில் எழுதிக்கொண்டு வந்தால், பிறகு 26AS வந்ததும் ஒத்துப் பார்க்கலாம். பிடித்துக்கொண்டு கட்டாமல் வைத்திருக்கும் நிறுவனம் அப்போது அகப்படும்.

கட்டுவது எளிது. வருமான வரித் துறையின் தளத்தில் `e-Pay Tax` என்ற இடத்தில் நிரந்தரக் கணக்கு எண்ணையும் கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணையும் கொடுத்தால் போதும். இரண்டு இடங்களில் மட்டும் கண் வேண்டும். 2025-26இல் சம்பாதித்ததற்கான வரிக்கு `Assessment Year` என்ற கட்டத்தில் 2026-27 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வகை என்ற இடத்தில் `Advance Tax (100)`. அவசரத்தில் அதற்கு அடுத்து இருக்கும் `Self-Assessment Tax (300)` மேல் கை பட்டுவிட்டால் பணம் போய்ச் சேரும், தவணையாகச் சேராது. திருத்தக் கோரலாம், ஆனால் உடனே கவனித்தால்தான் சிரமமில்லாமல் முடியும். சலானை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. சம்பாதித்த ஆண்டு வேறு, வரி நிர்ணய ஆண்டு வேறு என்ற இந்தக் குழப்பத்தை அது வரி ஆண்டு என்ற ஒரே பெயரால் தீர்க்கிறது. பிரிவு எண்கள் மாறினாலும் நான்கு தேதித் தவணை முறை தொடர்கிறது.

மார்ச் 15ஐத் தவறவிட்டவர் கையை விரித்துவிட வேண்டாம். மார்ச் 31 வரை கட்டுவதும் முன்கூட்டிய வரியாகவே கணக்காகும். மார்ச் தவணைக்கு ஒரு மாத வட்டி வரும், ஆனால் ஏப்ரலிலிருந்து ஓடும் 234B வட்டி தொடங்காது. அந்த இரண்டு வாரம் பலருக்குத் தெரியாமலே போகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் அடிப்படைக் குறை அப்படியே இருக்கிறது. தெரியாத ஒரு தொகையை மதிப்பிடச் சொல்லிவிட்டு, மதிப்பீடு பிழைத்ததற்கு வட்டி வாங்குகிறோம். மற்ற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் முந்தைய ஆண்டின் வரி எவ்வளவோ அவ்வளவைத் தவணைகளில் கட்டிவிட்டால், இந்த ஆண்டு வருமானம் எவ்வளவு ஏறினாலும் தவணைக்காக அபராதம் இல்லை. வருமானம் அதிகமுள்ளவர்களுக்கு அது 110 சதவீதம். வருமானம் ஆண்டின் பின்பகுதியில்தான் வந்தது என்று காலாண்டுவாரியாகக் கணக்குக் காட்டி விலக்குப் பெறவும் அங்கே வழி இருக்கிறது. பிரிட்டனில் சொந்தத் தொழில் செய்பவர் முந்தைய ஆண்டு வரியில் பாதியை ஜனவரி 31இலும் மறுபாதியை ஜூலை 31இலும் முன்பணமாகக் கட்டுகிறார். வித்தியாசம் பிறகு தீர்க்கப்படுகிறது. இரண்டு இடத்திலும் கட்டவேண்டிய தொகை ஆண்டின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

இதை நாம் அங்கிருந்து கடன் வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 1944இல் நம் சட்டத்தில் நுழைந்த 18A பிரிவு, தெரிந்து முடிந்த ஒரு பழைய ஆண்டைத்தான் அடிப்படையாக வைத்தது. 1980களின் கடைசியில் செய்த திருத்தங்களில்தான் நடப்பாண்டைத் தாமே மதிப்பிட்டுக் கட்டும் பொறுப்பு முழுவதுமாக வரிதாரர் மேல் வந்தது. முந்தைய ஆண்டு வரியை நான்கு தேதிகளில் ஒழுங்காகக் கட்டும் தனிநபரிடம் 234C போன்ற தவணை வட்டி கேட்பதில்லை என்று ஒரு வரி சேர்த்தால் அரசுக்கு இழப்பு பெரிதாக இராது. மீதி வரி எப்படியும் ஜூலையில் வந்து சேர்ந்துவிடும். அடுத்த நிதிச் சட்டத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று நிதியமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்க விரும்பும் மற்றவர்களும் பட்ஜெட்டுக்கு முன் அமைச்சகம் பொதுமக்களிடம் ஆலோசனை கேட்கும்போது எழுதி அனுப்பலாம்.